மஞ்சள் கோட்டின் மேல் வழுக்கும் பாதம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைகளில் வேலைக்குச் சேரும் எவருக்கும் முதல் பாடம் தரையில்தான் தொடங்கும். மஞ்சள் கோட்டுக்குள் நட, ஃபோர்க்லிஃப்ட் வரும் வழியை வரிக்கட்டம் போட்ட இடத்தில் மட்டும் கட. ஒரே பேட்சில் தமிழும் இந்தியும் ஒடியாவும் பேசுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால், வசனமில்லாத அனிமேஷன் படமாக இதைக் கேட்கும் ஆலைகள் உண்டு. அப்படி ஒரு வேலைக்காக பிளெண்டரையும், அதில் சேர்த்துக்கொள்ளும் ரொக்கோக்கோ நீட்சியையும் வைத்து நடையை ஒரு உடலிலிருந்து இன்னொரு உடலுக்கு மாற்றிப் பார்த்தேன். இரண்டும் இலவசம். எங்கே கைகொடுக்கின்றன, எங்கே கைவிடுகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரை.

நடையை எடுத்தது மிக்சாமோவிலிருந்து. 2015இல் அடோபி வாங்கிய சேவை அது. மோஷன் கேப்சரில் பதிவான நடைகளை அங்கே இறக்கிக்கொள்ளலாம். நான் எடுத்த நடையின் எலும்புக்கூடு 180 செ.மீ. உயரம். என் கதாபாத்திரமோ 150 செ.மீ. உயரமுள்ள பெண் ஆபரேட்டர். இந்த வட்டாரத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளின் ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து இறங்குபவர்களில் பெண்களே அதிகம் என்பதால் அப்படி வடிவமைத்தோம்.

நீட்சியின் பகுதியைத் திறந்து Source என்ற இடத்தில் மிக்சாமோ எலும்புக்கூட்டையும், Target என்ற இடத்தில் நம் எலும்புக்கூட்டையும் கொடுத்து, எலும்புப் பட்டியலை உருவாக்கச் சொன்னால், பெயர்களைப் பார்த்து அதுவே பெரும்பாலானவற்றை ஜோடி சேர்த்துவிடுகிறது. விரல்களில் மட்டும் கொஞ்சம் கைவேலை இருந்தது. அடுத்து Use Pose என்ற தேர்வு. ஒரு எலும்புக்கூடு கைகளைக் கிடையாக நீட்டியும் மற்றது சாய்த்துத் தொங்கவிட்டும் நின்றால், Rest என்பதை நம்பக் கூடாது. இரண்டையும் ஒரே நிலையில் நிறுத்திவிட்டு Current என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கை பிசகினால் யார் கண்ணிலும் பட்டுவிடும். பாதத்தின் சாய்வு பிசகினால் உடனே தெரியாது. குதிகால் தரைக்குள் புதையும்போதுதான் தெரியும். ஆகவே நிறுத்தும்போது இரு பாதங்களும் தரையில் சமமாகப் படிந்திருக்கின்றனவா என்று பக்கவாட்டிலிருந்து பார்த்துவிடுவது நல்லது.

Retarget Animation பொத்தானை அழுத்தியதும் நம் ஆபரேட்டர் நடக்கிறாள். தோள் அசைவு, இடுப்பு அசைவு எல்லாம் அழகாக வந்திருக்கின்றன. பாதம் மட்டும் பனிக்கட்டியில் நடப்பதுபோல முன்னால் வழுக்குகிறது. புல்வெளியோ மணலோ என்றால் பாதி மறைந்துவிடும். ஆலைத் தரை எபாக்சி பூசிய வழவழப்பான சாம்பல் நிறம். அதில் மஞ்சள் கோடும் வெள்ளை வரிக்கட்டமும் அளவுகோல் மாதிரி ஷூவுக்குக் கீழேயே கிடக்கின்றன. இரண்டு செ.மீ. நகர்ந்தாலும் பார்ப்பவர் கண் அங்கேதான் போகும்.

வழுக்கலின் காரணம் எளிய கணக்கு. மாற்றத்தில் ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு திரும்புகிறது என்பது நகலாகிறது. ஒரே கோணத்தில் வீசினாலும் குட்டையான கால் எட்டுவது குறைவு. மூல எலும்புக்கூட்டின் இடுப்பு மூட்டிலிருந்து கணுக்கால் வரை 85 செ.மீ.; நம் ஆபரேட்டருக்கு 68. விகிதம் 0.8. மூல நடையின் ஒரு சுற்று, அதாவது இடது எட்டும் வலது எட்டும் சேர்ந்து, 32 ஃபிரேமில் 140 செ.மீ. கடக்கிறது. நம் ஆபரேட்டரின் கால்கள் அதே கோணங்களில் வீசினால் எட்டக்கூடியது சுமார் 112. ஆனால் இடுப்பின் பயணம் கோணம் அல்ல, தூரம். அது 140 என்றே நகலானால், ஒவ்வொரு ஃபிரேமிலும் உடல் 4.4 செ.மீ. முன்னேறுகிறது, ஊன்றிய கால் 3.5 செ.மீ.தான் பின்னுக்குத் தள்ளுகிறது. மிச்சம் 0.9 செ.மீ. வழுக்கல். ஒரு பாதம் சுமார் 20 ஃபிரேம் தரையில் இருக்கும். அதற்குள் 17 செ.மீ.க்கு மேல் சறுக்கிவிடும்.

இதற்குத்தான் நீட்சியில் Auto Scale இருக்கிறது. பாதி வேலையை அது செய்கிறது. ஆனால் முழு உடலையும் ஒரே விகிதத்தில் சுருக்கும் ஏற்பாடு அது. அந்த விகிதம் கால் நீளத்தோடு பொருந்தியே ஆக வேண்டும் என்று இல்லை. உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் 180க்கு 150, அதாவது 0.83. கால்களின் விகிதமோ 0.8. இந்தச் சின்ன வித்தியாசத்துக்கே ஒரு ஊன்றலுக்கு ஏறத்தாழ 3 செ.மீ. வழுக்கும். நான் Auto Scale தேர்வை எடுத்துவிட்டு, மூல எலும்புக்கூட்டை நானே சுருக்கினேன். மிக்சாமோவின் எஃப்பிஎக்ஸ் கோப்பு பிளெண்டருக்குள் வரும்போது அதன் அளவு 0.01 என்று நிற்கும். அதை 0.8 என்று மாற்றிவிட்டால் அரக்கன் எழுந்து நிற்பான். மாற்ற வேண்டியது 0.008 என்று. பிறகு மாற்றத்தை மறுபடி ஓட்டி, ஒரு சுற்றில் இடுப்பு 112 செ.மீ. நகர்கிறதா என்று அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வழுக்கல் நின்ற பிறகும் நடை சோம்பலாகத் தெரிந்தது. காரணம் நேரம். நொடிக்கு 30 ஃபிரேம் கணக்கில், 32 ஃபிரேமில் 112 செ.மீ. என்றால் நொடிக்கு 1.05 மீட்டர், மூல நடை நொடிக்கு 1.31 மீட்டர். குட்டையான கால் ஊசலாடும் நேரமும் குறைவு. அது நீளத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிக் குறையும். 0.8இன் வர்க்கமூலம் சுமார் 0.9. அசைவை NLA பட்டையில் போட்டு Scale மதிப்பை 0.9 ஆக்கினேன். சுற்று 29 ஃபிரேமுக்குள் வந்தது, வேகம் 1.16 மீட்டர் ஆனது. ஷிஃப்ட் மணி அடித்த பிறகு நடக்கும் பெண் மாதிரி ஆகிவிட்டாள்.

மிச்ச வழுக்கலைக் கண்ணால் தேடுவதைவிட அளப்பது மேல். பாதத்தின் முன்பந்து தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முந்தைய ஃபிரேமிலிருந்து எவ்வளவு, எந்தத் திசையில் நகர்ந்தது என்பதை இந்தச் சிறு நிரல் செ.மீ. கணக்கில் அச்சிடும். எலும்புப் பெயரை உங்கள் எலும்புக்கூட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

```python
import bpy
sc = bpy.context.scene
ob = bpy.data.objects["Operator"]
toe = ob.pose.bones["LeftToeBase"]
prev = None
for f in range(sc.frame_start, sc.frame_end + 1):
    sc.frame_set(f)
    p = ob.matrix_world @ toe.head
    if prev is not None:
        d = (p - prev).xy.length * 100
        print(f, round(p.z * 100, 1), round(d, 2), (p - prev).xy * 100)
    prev = p
```

உயரம் அடிமட்டத்தில் இருக்கும் ஃபிரேம்களில் மூன்றாவது எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். 0.1க்குள் இருந்தால் முழு உருவம் தெரியும் ஷாட்டில் நான் தொடுவதில்லை. ஊன்றிய நேரம் முழுக்க ஒரே அளவில், ஒரே திசையில் நகர்ந்தால் கோளாறு விகிதத்தில்தான். திரும்பிப் போய் அதைச் சரிசெய்ய வேண்டும், பாதத்தைத் தொடக் கூடாது. முன்னும் பின்னும் அலைந்தால் தொடைக்கும் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதிக்கும் உள்ள பங்கு மாறியிருக்கிறது என்று பொருள். மூலத்தில் தொடை 44, கீழ்க்கால் 41. நம் ஆபரேட்டருக்கு 34, 34. இதை எந்த ஒற்றை விகிதமும் தீர்க்காது. பாதத்தைத் தரையில் பூட்டியாக வேண்டும்.

பூட்டுவதில் அவசரக்காரர்கள் கணுக்காலைப் பூட்டிவிடுகிறார்கள். குதிகால் எழும்பும்போது கணுக்கால் நகரத்தான் வேண்டும். அசையாமல் இருக்க வேண்டியது முன்பந்து. எனவே முன்பந்து இருக்கும் இடத்தில் ஒரு Empty, அதன் பிள்ளையாகக் கணுக்காலில் இன்னொரு Empty. இரண்டுக்கும் அசைவைப் பதித்துக்கொண்டு, கீழ்க்கால் எலும்பில் இரண்டு எலும்பு நீளச் சங்கிலியாக Inverse Kinematics கட்டுப்பாட்டைப் போட்டு, அதன் இலக்காகக் கணுக்கால் Empty-யைக் கொடுத்தேன். பாதம் திரும்புவதற்கு Copy Rotation, முழங்கால் எந்தப் பக்கம் மடங்க வேண்டும் என்பதற்கு ஒரு Pole Target. பிறகு முன்பந்து Empty-யின் வளைகோட்டைத் திறந்து, ஊன்றிய ஃபிரேம்களில் ஒரே மதிப்பாக்கி, இரு முனைகளிலும் மூன்று நான்கு ஃபிரேம்களுக்கு மெல்லக் கலக்கவிட்டேன். குதிகால் மட்டும் தொடும் முதல் சில ஃபிரேம்களை இந்தப் பூட்டில் சேர்க்கவில்லை. சேர்த்தால் பாதம் தரையில் ஒட்டவைத்ததுபோல ஆகிவிடும்.

வழுக்கல் போனதும் புதிதாக முழங்கால் வெட்டியது. பாதம் பின்னால் தங்கிவிட, இடுப்பு முன்னே போக, இரண்டுக்கும் இடையிலான தூரம் காலின் முழு நீளமான 68 செ.மீ.யைத் தாண்டுகிற ஒரு ஃபிரேமில் முழங்கால் சட்டென்று நேராகிறது. இது பழைய சிக்கல். மைக்கேல் கிளைச்சர் 1998 சிக்ராஃப் மாநாட்டில் அசைவை வேறு உருவத்துக்கு மாற்றுவது பற்றி ஆய்வுரை வெளியிட்டார். 2002இல் கோவர், ஷ்ரைனர் ஆகியோருடன் சேர்ந்து பாதச் சறுக்கலை நீக்கும் முறை ஒன்றையும் வெளியிட்டார். முழங்கால் வெட்டுவதைத் தவிர்க்கக் கால் எலும்பின் நீளத்தையே துளி மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் துணிச்சலான யோசனை. பிளெண்டரில் அதற்கு எலும்பின் IK Stretch மதிப்பைச் சிறிதளவு கூட்டினால் போதும். நான் முதலில் இடுப்பை முழு சுற்றுக்கும் 1 செ.மீ. தாழ்த்திப் பார்த்தேன். பெரும்பாலான வெட்டு அதிலேயே போய்விட்டது. மிச்சத்துக்கு மட்டும் நீட்டலைச் சேர்த்தேன். 3 செ.மீ.க்கு மேல் தாழ்த்தினால் பதுங்கி நடப்பவள் மாதிரி ஆகிவிடுவாள்.

பாதுகாப்பு ஷூவையும் மறக்க வேண்டாம். எலும்புக்கூடு வெறுங்காலுக்குப் போடப்பட்டு, மேலே தடித்த அடிப்பகுதியுள்ள ஷூ மாட்டப்பட்டிருந்தால், எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஷூ தரைக்குள் இறங்கியிருக்கும். அடிப்பகுதியின் தடிமன் அளவுக்கு இடுப்பையும் இரு கால்களின் முன்பந்து Empty-களையும் சேர்த்து உயர்த்தினால் சரியாகிவிடும்.

இந்த ஏற்பாடு தோற்கும் இடம் திருப்பம். மஞ்சள் பாதை மூலையில் 90 டிகிரி திரும்புகிறது. நின்ற இடத்திலேயே நடக்கும் சுழற்சியை எடுத்து Follow Path மூலம் வளைகோட்டில் ஓட்டினால், நேர்ப்பகுதியில் வேகத்தைச் சீராக வைத்து, சுற்றுக்கு 112 செ.மீ. என்று பொருத்திவிடலாம். மூலையில் முழு உருவமும் பாதையோடு சேர்ந்து திரும்பும். ஊன்றிய பாதமும் தரையைத் தேய்த்தபடி திரும்பும். பூட்டுப் போட்டால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். அங்கே திரும்பி நடக்கும் தனிப் பதிவை எடுத்து, அதே 0.8, 0.9 கணக்கில் மாற்றி, பாதம் ஊன்றிய ஃபிரேமில் நேர்நடையோடு ஒட்டுவதுதான் ஒழுங்கான வழி. மனிதர்கள் மூலையில் எட்டைக் குறுக்கி, வெளிப்பக்கக் காலை ஊன்றித் திரும்புகிறார்கள். அந்த எட்டை நேர்நடையின் சுழற்சியிலிருந்து செய்ய முடியாது.

பணம் செலவழிக்கத் தயார் என்றால் ஆட்டோ-ரிக் ப்ரோவில் கால் கட்டுப்பாடுகள் முன்கூட்டியே வந்துவிடும். Empty வேலை மிச்சம். அன்ரியல் எஞ்சின் 5இன் IK Retargeter, ஊன்றிய பாதத்தைப் பிடித்துவைக்க Speed Planting என்ற அமைப்பையே தருகிறது. பல கதாபாத்திரங்கள் நடமாடும் விஆர் பயிற்சி என்றால் அதைத்தான் எடுப்பேன். ஒரு ஆபரேட்டர், ஒரு ஷாப் ஃப்ளோர், சில நிமிடப் படம் என்றால் ரொக்கோக்கோ நீட்சி போதும். அது எலும்பை ஜோடி சேர்க்கும், கோணத்தை நகலெடுக்கும்; பாதத்துக்கு அது பொறுப்பேற்பதில்லை. விலைப்புள்ளி கொடுக்கும்போது பாதத்துக்குத் தனியாக நாள் போட்டுக்கொள்ளுங்கள்.