ஒரு கூற்றின் மூன்று குரல்கள்

கீரிமலைக் கேணியில் முழுகினால் நோய் தீரும் என்பது யாழ்ப்பாணத்தாரின் நெடுநாளைய நம்பிக்கை. கீரிமுகங் கொண்ட நகுல முனிவரும், குதிரைமுகங் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் அங்கு நீராடித் தம் முகக்குறை நீங்கப்பெற்றனர் என்பது ஐதிகம். ‘கீரிமலைக் கேணியில் முழுகினால் நோய் தீரும்’ என்ற வெற்றுக் கூற்றையே மூன்று நிலைகளில் திருத்திப் பார்ப்பின், தொனி எங்கே பிறக்கின்றது என்பது புலனாகும்.

முதலாவது, விழுமிய நடை. ‘நகுலேஸ்வரத் தீர்த்தத்தில் நீராடினால் பிணி நீங்கும்’ என்று சொற்களை மட்டும் மாற்றினாற் போதவில்லை. பேச்சே வேட்டி மாற்றி வந்தது போலிருக்கின்றது. ‘நீராடுவோர் பிணி நீங்கப் பெறுவர்’ என்று திருத்தியதும் நிலைமை மாறுகின்றது. ‘ஆல்’ என்னும் நிபந்தனை மறைகின்றது, ஒருவர் பலராகின்றார். சொல்பவர் யார் என்ற கேள்விக்கே இடமில்லை. கூற்றுக்கு அதிகாரம் கிடைக்கின்றது, முகம் போய்விடுகின்றது.

இரண்டாவது, நகை. முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் தம்பியிடம் அக்கை, ‘மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகத்தைப் போக்கிய கேணி உன் முகத்தையும் மாற்றும்’ என்றால் அது பாடம், நகையன்று. ‘குதிரை முகத்தையே போக்கின கேணி, உன்ரை மூஞ்சியையோ போக்காது?’ என்னும்போதுதான் சிரிப்பு வருகின்றது. இளவரசியின் பெயர் நீங்கியது; கதையைக் கேட்போனே நிரப்பிக் கொள்கின்றான். ‘ஏ’ பெரியதை நாட்ட, ‘ஓ’ சிறியதை வினாவாக்குகின்றது. இவ்விரண்டு இடைச்சொற்களை எடுத்துவிட்டால் நகையும் போய்விடும். ஐதிகம் அறியாதவனிடம் இது வெறும் வசையாகவும் நின்றுவிடும்.

மூன்றாவது, பரிவு. இதுவே கடினமானது. ‘கண்ணே, செல்வமே, கீரிமலையில் முழுகினால் உன் நோய் தீரும்’ என்பதில் விளிகள் மிகுந்தும் கனிவு குறைவு. ‘நோய்’ என்ற சொல் நோயாளியை மீண்டும் நோயாளியாக்குகின்றது. ‘ஒருக்கா முழுகிப்போட்டு வா ராசா, எல்லாம் சுகமாகும்’ என்பதில் அச்சொல் இல்லை. விளி ஒன்றே போதுமானதாயிற்று. எல்லாவற்றினும் மேலாக, ‘வா’ என்பதில் திரும்பி வருவோனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தி இருக்கின்றாள்.

அந்த ‘வா’ இடத்தையும் சார்ந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபின் பல்லாண்டுகள் கீரிமலை அவர்களுக்கு எட்டாததாயிற்று. விழுமிய வாக்கியத்தை எந்த ஊரிலிருந்தும் எழுதலாம். ஐதிகம் அறிந்தோரிடையே நகையும் செல்லும். அகதியாய் இருந்த தாய் மட்டும் ‘முழுகிப்போட்டு வா’ என்றிருக்க இயலாது. ‘ஒருநாளைக்குப் போய் முழுகுவம் ராசா’ என்றே அவள் திருத்தியிருக்க வேண்டும். ஏவல் விருப்பமாகின்றது, காத்திருந்தவளும் உடன் புறப்படுகின்றாள்.

ஆகவே, தொனி என்பது சொல்லுக்கு அணிவிக்கும் ஆடையன்று. சொல்பவர் கேட்பவரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கின்றார் என்பதே அது.