மெகர் காட்டும் எண்ணை எப்படிப் படிப்பது?

கையால் சுற்றும் பழைய மெகரில் கைப்பிடியைப் பத்து நிமிடம் ஒரே வேகத்தில் சுற்ற யாராலும் முடியாது. 500 வோல்ட் டிஜிட்டல் மெகரில் பொத்தானை அழுத்திப் பூட்டிவிட்டு, ரீடிங் எப்படி நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். எனக்கு இந்தக் கருவி பிடித்துப்போனதே இதனால்தான். வைண்டிங் நன்றாக இருக்கிறதா என்பதை ஒற்றை எண் சொல்வதில்லை. அந்த எண் எந்தச் சூட்டில், எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்பதும் தெரிய வேண்டும்.

மழைக்காலம் முழுக்க ஓடாமல் கிடந்த 15 ஹெச்.பி., 415 வோல்ட் பம்ப் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சப்ளையை நிறுத்தி, கேபிளைக் கழற்றிவிட வேண்டும். டிரைவ் இருந்தால் அதையும் பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் 500 வோல்ட் அதைக் கெடுத்துவிடும். ஒரு முனையை டெர்மினலிலும் இன்னொன்றைப் பெயின்ட் சுரண்டிய பாடியிலும் வைத்தால், ஒரு நிமிடத்தில் 4 மெகா ஓம் காட்டுகிறது. வைண்டிங் 30 டிகிரியில் இருக்கிறது.

'ஒரு மெகா ஓம் இருந்தால் போதும்' என்று நினைப்பவர்கள் உடனே ஸ்டார்ட்டரைப் போட்டுவிடுவார்கள். ஆனால் ஐ.இ.இ.இ. 43 தரவிதி இவ்வகை மோட்டாருக்கு 40 டிகிரியில் குறைந்தது 5 மெகா ஓம் கேட்கிறது. பத்து டிகிரி சூடு ஏறினால் இன்சுலேஷன் மதிப்பு ஏறக்குறைய பாதியாகும். ஆகவே இந்த 4, 40 டிகிரிக் கணக்கில் 2 தான். இப்போதுதான் நிறுத்திய, 70 டிகிரிச் சூட்டில் உள்ள மோட்டார் 8 காட்டினால், அதே கணக்கில் அது 64. அதை ரீவைண்டிங்குக்கு அனுப்பத் தேவையில்லை.

அடுத்தது நேரம். நல்ல இன்சுலேஷனில் ரீடிங் மெல்ல ஏறிக்கொண்டே போகும். நம் மோட்டாரில் பத்தாவது நிமிடத்திலும் 4.4 தான், அதாவது முதல் நிமிடத்தைப் போல 1.1 மடங்கு. பெரிய மோட்டார்களில் இது 2 மடங்காவது இருக்க வேண்டும். சிறியவற்றில் ஏற்றம் சீக்கிரமே நின்றுவிடுவதால், இந்த மடங்கை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஆனால் மதிப்பும் குறைவு, ஏற்றமும் இல்லை என்றால் ஈரத்தையோ அழுக்கையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மோட்டாரைப் பிரித்துத் துடைத்து, பல்பு வைத்து நிதானமாக உலர்த்தலாம். சூடு ஏறும்போது ரீடிங் முதலில் இறங்கும், பயப்பட வேண்டாம். ஈரம் வெளியேற வெளியேற அது திரும்ப ஏறும். ஆறி 30 டிகிரிக்கு வந்தபின் 120 காட்டினால், 40 டிகிரியில் அது 60. தாராளமாக ஓட்டலாம். உலர்த்தியும் ஏறவில்லை என்றால் இன்சுலேஷனே போய்விட்டது என்று பொருள்.

மெகரால் கண்டுபிடிக்க முடியாத பழுதும் உண்டு. ஒரே காயிலின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலும் பாடிக்கு 200 மெகா ஓம் காட்டும். அதற்கு சர்ஜ் டெஸ்ட் வேண்டும்.

வாங்குபவர்கள் டைமரும், டெஸ்ட் முடிந்ததும் வைண்டிங்கில் தேங்கிய மின்சாரத்தைத் தானே வெளியேற்றும் வசதியும் உள்ள மெகரையே வாங்குங்கள். ஒவ்வொரு ரீடிங்கோடும் வைண்டிங்கின் சூட்டையும் குறித்து வையுங்கள்.