இரண்டு ஏ.சி.யும் ஒரு கடிதமும்: கதிரவெளிக்கு இது போதுமா?

கதிரவெளியில், கடற்கரைக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில், ஒரு சிறிய கணினிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அதை நடத்துபவர் மட்டக்களப்பு நகரிலுள்ள சேர்விஸ் கம்பனி ஒன்றுக்கு எழுதிய கடிதத்தை அனுப்புமுன் என்னிடம் தந்தார். அதன் நடுப்பகுதி இது: “எமது நிலையத்தில் பொருத்தப்பட்டுள்ள இரண்டு குளிரூட்டிகளுக்கும் வருடாந்தப் பராமரிப்பு ஒப்பந்தம் செய்ய விரும்புகிறோம். தங்கள் நிபந்தனைகளையும் கட்டண விபரத்தையும் வருகை அட்டவணையையும் அனுப்பிவைக்கவும்.”

இதில் இரண்டு நல்ல காரியங்கள் உண்டு. ஏ.சி. நின்றுபோனபிறகு பதறி எழுதாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதியிருக்கிறார். கட்டணத்தோடு நில்லாமல் வருகை அட்டவணையையும் கேட்டிருக்கிறார். பலர் கட்டணத்தை மட்டும் கேட்டு, வருடம் முடியும்போதுதான் யாரும் வரவில்லை என்பதைக் கவனிப்பார்கள். ஆனாலும் இதே வசனங்களைக் கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ ஒருவர் எழுதியிருக்கலாம். கடிதத்தின் பெரிய குறை அதுதான்.

முதலில் “இரண்டு குளிரூட்டிகள்” என்ற சொற்களைப் பார்ப்போம். நிலையத்தில் இருப்பவை ஒரே மாதிரியானவை அல்ல. ஒன்று 12,000 பி.டி.யூ. இன்வேட்டர், வாங்கி இரண்டு வருடம், உள்ளே ஆர்-32 காஸ். மற்றது 18,000 பி.டி.யூ. பழைய இயந்திரம்; ஆர்-22 காஸ். இந்த விபரம் எல்லாம் வெளி யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள தகட்டில் இருக்கிறது, கடிதத்தில்தான் இல்லை. ஆர்-32இன் அழுத்தம் ஆர்-22ஐவிட வெகு அதிகம், மெல்லத் தீப்பற்றக்கூடியதும்கூட. ஆகவே மெக்கானிக் கொண்டுவர வேண்டிய மானியும் சிலிண்டரும் வேறு. நகருக்குள் என்றால் மறந்த சாமானை எடுத்துவர அரை மணித்தியாலம் போதும். வாழைச்சேனை, வாகரை எல்லாம் தாண்டி அறுபது கிலோமீற்றருக்கு மேல் வந்தவர் பிழையான சிலிண்டரோடு நின்றால், அந்த நாள் போய்விட்டது. அடுத்த வருகை எப்போது என்பது அவர் கையில்.

இனி அட்டவணை. “அனுப்பிவைக்கவும்” என்று விட்டுவிட்டால், கம்பனி வருடத்தை நான்காய் வகுத்து மூன்று மாதத்துக்கு ஒரு வருகை என்று எழுதி அனுப்பும். கதிரவெளியின் இயந்திரங்கள் அந்தக் கணக்கில் பழுதாவதில்லை. இங்கே கடல் கிழக்கே. மாரியில் வலுக்கும் வடகீழ்ப் பருவக்காற்று உப்பை நேரே கரைக்குக் கொண்டுவருகிறது. மழை அதைக் கழுவிவிடும் என்பது பாதி உண்மைதான். கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே பொருத்திய வெளி யூனிட்டில் மழை படாது, உப்பு மட்டும் படியும். அந்த யூனிட்டின் பின்புறம் செப்புக் குழாயும் அலுமினியத் தகடுகளும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கின்றன. ஈர உப்பு இடையில் நின்றால் இரண்டு உலோகங்களில் அலுமினியம்தான் முதலில் அரிபடும். நிலையத்தின் பழைய இயந்திரத்தில் அதை நேரில் பார்க்கலாம்: தகடுகளின் ஓரம் வெள்ளைத் தூளாகப் பூத்திருக்கிறது, கீழ்மூலையில் விரலால் தொட்டால் உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் சூடு சரியாக வெளியேறாது. கொம்பிரசர் அதிக நேரம் ஓடும், மின்கட்டணம் ஏறும், அறை குளிராது.

ஆகவே தேதியை நாம் சொல்ல வேண்டும். மழை ஓயும் பெப்ரவரியில் ஒரு வருகை, படிந்த உப்பைக் கழுவ. கச்சான் காற்றும் புழுதியுமாய் ஏ.சி. நாள் முழுக்க ஓடும் யூன், யூலையில் ஒன்று. மாரிக்கு முன், ஒக்டோபர் தொடக்கத்தில் ஒன்று: தண்ணீர் வடியும் குழாய், தாங்கிகளின் துரு, மின்இணைப்புகள் ஆகியவற்றைப் பார்க்க. நான்கு சம வருகைகளைவிட இந்த மூன்றும் மேல். இடைப்பட்ட மாதங்களில் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, மின்இணைப்புப் பக்கம் படாமல், வெளித் தகடுகளில் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவுவதை நிலையத்தாரே செய்யலாம். பீய்ச்சும் இயந்திரம் வேண்டாம், தகடு மடங்கிவிடும். சில மெக்கானிக்குகள் விரைவாக வெளுப்பதற்காக அமிலம் கலந்த திரவத்தை அடிப்பார்கள். ஏற்கெனவே அரிபட்ட அலுமினியத்துக்கு அது இன்னொரு அடி. ஒப்பந்தத்தில் அதைத் தடுத்தே எழுத வேண்டும்.

“நிபந்தனைகள்” என்ற சொல்லும் அளவுக்கு மிஞ்சித் திறந்திருக்கிறது. கூலி மட்டுமா, உதிரிப்பாகமும் சேருமா? காஸ் நிரப்புவது இலவசம் என்று கம்பனி எழுதினால் கவர்ச்சியாக இருக்கும். காஸ் தேய்ந்து தீரும் பொருளல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவது அது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பினால் சில மாதத்தில் மறுபடி வெறுமையாகும். கேட்க வேண்டியது “கசிவு பார்த்துத் திருத்துவது சேருமா” என்பதே. கடல் உப்பால் வரும் அரிப்பும் மின்னல், வோல்டேஜ் ஏற்றத்தாழ்வால் எரியும் சேர்கிட் போட்டும் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் ஒளிந்திருக்கும். இங்கே இயந்திரத்தைக் கொல்பவை அவைதான். அவற்றை விலக்கிய முழுப் பொறுப்பு ஒப்பந்தத்துக்குக் கூடிய கட்டணம் கொடுப்பதில் நியாயமில்லை.

வந்துபோனார் என்பதற்குக் கையெழுத்து மட்டும் சான்றாகாது. இயந்திரம் கால் மணித்தியாலம் முழு வேகத்தில் ஓடியபின், உள் யூனிட்டுக்குள் போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் இடையே சாதாரணமாக 8 முதல் 12 பாகை செல்சியஸ் வித்தியாசம் இருக்கும். அதையும் ஓடும்போது இழுக்கும் அம்பியரையும் ஒவ்வொரு முறையும் அட்டையில் எழுதச் சொன்னால், மூன்றாவது வருகையில் இயந்திரம் சரிகிறதா என்பது யாருக்கும் தெரியும்.

இவ்வளவும் எழுதினால் கம்பனி பயந்து ஒதுங்கிவிடும் என்று நிலையத்தவர் சொன்னார். அந்தக் கவலையை ஒதுக்க முடியாது. தூரத்து ஊருக்கு வர விரும்புகிறவர்கள் குறைவு. அதனால்தான் கடிதம் கறாராக இருக்கும்போதே அவர்களுக்கு வசதியாகவும் இருக்க வேண்டும். இரண்டு இயந்திரத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம், போக்குவரத்துக் கட்டணம் தனியாகத் தரப்படும், ஒவ்வொரு வருகை முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு கொடுக்கப்படும் என்றால் அவர்களுக்கும் கணக்கு தெளிவு. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிய கம்பனிக்கு மூன்றாவது முறை அவ்வளவு தூரம் வர என்ன அவசரம்?

நடுப்பகுதியை இப்படி மாற்றச் சொன்னேன்: “இரண்டு இயந்திரங்களின் விபரத் தகட்டுப் படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. நிலையம் கடலோரத்தில் உள்ளது. பெப்ரவரி, யூலை, ஒக்டோபர் மாதங்களில் வருகை வேண்டும். கசிவு திருத்தம், உப்பு அரிப்பு, வோல்டேஜ் பழுது ஆகியவற்றில் எவை சேரும், எவை சேரா என்பதையும், பழுது அறிவித்தால் எத்தனை நாளில் வருவீர்கள் என்பதையும் எழுத்தில் தரவும்.”

என் தீர்ப்பு இது. முதல் கடிதம் அனுப்பத் தகுந்ததல்ல. விலை ஒப்பிடக்கூட உதவாது, ஏனெனில் எதற்கு விலை என்பதே அதில் இல்லை. புதிய இன்வேட்டருக்கு, உப்பும் வோல்டேஜும் சேருமானால், முழுப் பொறுப்பு ஒப்பந்தம் எடுக்கலாம். சேராவிட்டால் கூலி ஒப்பந்தமே போதும். பழைய ஆர்-22 இயந்திரத்துக்குக் கூலி ஒப்பந்தத்துக்கு மேல் ஒரு சதமும் செலவிடக் கூடாது. மொன்றியல் உடன்படிக்கைப்படி இலங்கை போன்ற நாடுகள் 2030இல் அந்தக் காஸைக் கைவிடுகின்றன. அதன்பின் பழைய இயந்திரங்களின் சேர்விஸுக்கென்று மிகச் சிறு அளவே 2040 வரை அனுமதிக்கப்படும். தகடு உதிரும் அந்த இயந்திரத்தின் கொம்பிரசர் போனால் திருத்த வேண்டாம், மாற்றிவிடுங்கள்.