விசைப் பட்டியல் பாடக் குறிப்பாகுமா?

ஆசிரியர் பயிற்சிகளில் பவர்பாயின்ட் குறுக்குவிசைகளை ஒரே தாளில் அச்சடித்துக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. "தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லதுதானே" என்று அதற்கு வக்காலத்து வாங்குவோரும் உண்டு. நல்லதுதான். மவுஸைத் தேடும் நேரம் மிச்சமாகும். மாணவர்களுக்கு முதுகு காட்டவும் வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாள் விசைகளை வரிசையாக அடுக்குகிறதே தவிர, வகுப்பில் எந்த நேரத்தில் எது கைகொடுக்கும் என்று சொல்வதில்லை. என் நெடுநாளைய ஆட்சேபம் இதுதான்.

மாமல்லபுரம் பக்கத்துப் பள்ளியொன்றில் பல்லவர் பாடம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். 14ஆம் ஸ்லைடில் கடற்கரைக் கோயில். அதை நேரில் பார்த்துப் பழகிய பிள்ளைகள் ஸ்லைடு வரிசைப்படியா கேட்பார்கள்? "ஐந்து ரதம் மாதிரி இதுவும் ஒரே கல்லா, சார்?" என்கிறான் ஒருவன். ரதங்களின் படம் 6ஆம் ஸ்லைடில் இருக்கிறது.

பட்டியலை மட்டும் படித்தவர் Esc அழுத்துவார். காட்சி முடிந்து, தயாரிப்புத் திரை வந்துவிடும். அடுத்து வரவேண்டிய வினாவிடைகள்கூட ஓரத்துச் சிறு படங்களில் வகுப்புக்கே தெரியும். ரதங்களைத் தேடியெடுத்து F5 அழுத்தினால் பாடம் முதல் ஸ்லைடிலிருந்து தொடங்கும். நின்ற ஸ்லைடிலிருந்தே தொடர Shift+F5 வேண்டும். சில லேப்டாப்களில் Fn விசையையும் சேர்த்து அழுத்தாவிட்டால், F5 ஒலியையோ வெளிச்சத்தையோதான் மாற்றும். இதற்குள் கேள்வி கேட்டவன் பக்கத்துப் பையனோடு பேசப் போய்விடுவான்.

காட்சியை நிறுத்தாமலே 6 தட்டி Enter அழுத்தினால் ரதங்கள் வந்துவிடும். அவை பாறையைச் செதுக்கி எடுத்தவை என்று காட்டிவிட்டு, 14 தட்டி Enter அழுத்தினால் கோயிலுக்குத் திரும்பலாம். இதற்கு ஸ்லைடு எண்களைப் பாடக் குறிப்பின் ஓரத்தில் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தத் தயாரிப்பைப் பற்றித் தாளில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

அடுத்தது B. அழுத்தினால் திரை கறுத்துவிடும். பிள்ளைகளின் கண் ஆசிரியர் பக்கம் திரும்பும். கடற்கரைக் கோயில் ராஜசிம்மன் காலத்தில் கல்லை வெட்டி அடுக்கிக் கட்டியது என்பதைக் கரும்பலகையில் வரைந்தே விளக்கலாம். மீண்டும் B அழுத்தினால் அதே ஸ்லைடு வரும். கற்பித்தலுக்கு இதைவிட உதவும் விசை அந்த மென்பொருளில் இல்லை. அதைப் பட்டியலின் நடுவில், எழுத்துரு மாற்றும் விசைகளோடு புதைத்து வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எழுத்துருவை வீட்டில் மாற்றிக்கொள்ளலாம். நாற்பது பேர் முன்னால் நிற்கும்போது அது எதற்கு?

தாள் அரைப் பக்கம் போதும். "மாணவர் பழைய ஸ்லைடைக் கேட்டால்", "பலகையில் எழுத வேண்டுமானால்", "தவறி வெளியே வந்துவிட்டால்" என மூன்று தருணங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே விசை. கூடவே அது எங்கே காலை வாரும் என்ற எச்சரிக்கை. இப்படி எழுத, தாளைத் தயாரிப்பவர் ஒரு பாடவேளையாவது வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.