போன ஞாயிறுக்கு ஒரு ஒல்லிக் கட்டம்

டூட்டி சார்ட் போட்டவருடைய கை எப்படிப்பட்டது என்பது, கட்டத்துக்குள் அவர் என்ன எழுதுகிறார் என்பதில் தெரிந்துவிடும். 'காலை', 'மாலை' என்று முழுதாக எழுதி இடத்தை அடைப்பவர்கள் உண்டு. 'கா', 'மா' என்று சுருக்குபவர்கள் உண்டு. இரண்டிலும் ஒரே கால் நிற்பதால், நாலடி தள்ளி நின்று பார்த்தால் எது எதுவென்று பிரியாது. எனக்குப் பிடித்தவை, கடைக்கு வர வேண்டிய மணியை மட்டும் எழுதிய சார்ட்டுகள். 8 என்றால் காலை எட்டுக்கு வந்து ஐந்துக்குக் கிளம்புவது. 1 என்றால் மதியம் ஒன்றுக்கு வந்து இரவு பத்துக்குக் கிளம்புவது. போகும் நேரம் எல்லோருக்கும் மனப்பாடம், அதை எழுதத் தேவையில்லை. விடுமுறைக்கு 'வி'. அவ்வளவுதான்.

இந்த முறையில் நான் பார்த்தவற்றிலேயே அழகானவை, ஒரு மளிகை சூப்பர் மார்க்கெட்டில் பில்லிங்கையும் கணக்கையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா போட்டவை. பதினொரு பேர் வேலை பார்த்த கடை. பெயர்கள் இடப்பக்கம் மேலிருந்து கீழாக, திங்கள் முதல் ஞாயிறு வரை குறுக்கே. பெயர்களின் வரிசை எந்த வாரமும் மாறாது: பில்லிங், பிறகு கவுண்டர், பிறகு குடோன். தன் பெயர் மேலிருந்து எத்தனையாவது என்பது ஒவ்வொருவர் கண்ணுக்கும் பழகிப்போயிருக்கும். இரண்டு செல்விகள் இருந்தார்கள். இனிஷியல் போடாமல் 'செல்வி பில்லிங்', 'செல்வி குடோன்' என்றே அச்சடிப்பார்.

பெயருக்கும் திங்களுக்கும் நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு ஒல்லிக் கட்டம் ஓடும். அதில் போன ஞாயிறன்று யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பது வெளிர்சாம்பலில் சின்ன எழுத்தில் இருக்கும். வேறு எந்தக் கடையின் சார்ட்டிலும் நான் இதைக் கண்டதில்லை. இந்த ஒரு கட்டத்துக்காகவே அவரைப் பெரிய கலைஞர் என்பேன்.

மணியை எழுதிய சார்ட்டில் ஒருவருடைய வாரம் ஒரே வரியாகப் படிக்கக் கிடைக்கும். 1 1 வி 8 8 8 8 என்று ஓடினால் அது நல்ல வாரம். இரண்டு நாள் மதிய ஷிப்ட், நடுவில் ஓய்வு, பிறகு காலை ஷிப்ட். 1 1 8 8 வி 8 8 என்று ஓடினால் செவ்வாய் இரவு பத்துக்குக் கடையை விட்டவர் புதன் காலை எட்டுக்குத் திரும்ப வந்து நிற்க வேண்டும். டவுனுக்கு வெளியே வீடு உள்ளவருக்கு அது தூக்கமில்லாத ராத்திரி. 1-க்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் 8 வரக் கூடாது என்பதுதான் அக்காவின் முதல் விதி. மதியத்திலிருந்து காலைக்கு மாறுவதென்றால் நடுவில் 'வி' விழ வேண்டும். இந்தத் தவறு வாரத்துக்குள் நடந்தால் கண்ணில் பட்டுவிடும். ஞாயிறு 1, அடுத்த திங்கள் 8 என்று வந்தால் படாது. ஞாயிறு ஒரு தாளிலும் திங்கள் இன்னொரு தாளிலும் இருக்கிறது அல்லவா? அந்த இடைவெளியை மூடுவதற்குத்தான் ஒல்லிக் கட்டம்.

பெயர்களைக் கட்டத்துக்குள் போட்டு, 'காலை: முருகன், செல்வி, ரவி' என்று ஷிப்டை வரிசையாக்குபவர்கள் இந்த வாதத்தை ஏற்க மாட்டார்கள். இப்போது யார் இருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரிகிறதே என்பார்கள். முதலாளிக்கு அது சௌகரியம், மறுக்கவில்லை. வாசலில் காவலுக்கு நிற்பவர்களுக்கும் அந்த அமைப்பே பொருந்தும். ஆனால் போர்டின் முன்னால் நிற்கும் வேலைக்காரர் தன் பெயரை ஏழு தடவை தேட வேண்டும். 1-க்கு அடுத்து 8 வந்தாலும் அதில் ஒளிந்துகொள்ளும். "நான் எப்ப வரணும்னுதானே கேக்கறாங்க, யார் யார் இருக்காங்கன்னா கேக்கறாங்க?" என்பார் அக்கா.

மணியை எண்ணாக எழுதுவதில் இன்னொரு பலன், சார்ட் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும். எக்செல்லில் COUNT எண்களை மட்டும்தான் எண்ணும், 'வி'யை விட்டுவிடும். பெயர் A-யில், போன ஞாயிறு B-யில், திங்கள் முதல் ஞாயிறு வரை C-யிலிருந்து I வரை என்று வைத்துக்கொண்டால்:

```
=COUNT(C4:I4)
=COUNT(C4:C14)
=COUNTIF(C4:C14,8)
```

முதலாவது ஒருவருடைய வேலை நாள். எல்லோருக்கும் 6 வர வேண்டும். 7 வந்தால் யாருடைய விடுமுறையோ விழுங்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது திங்களன்று கடையில் இருப்பவர்கள், மூன்றாவது அவர்களில் காலையில் வருபவர்கள். சனி, ஞாயிறில் யாருக்கும் விடுமுறை கிடையாது என்றால் பதினொரு விடுமுறையும் ஐந்து நாளுக்குள் அடங்க வேண்டும். வியாபாரம் மந்தமான செவ்வாயில் மூன்று, மற்ற நாலு நாளில் இரண்டிரண்டு. ஆக 9, 8, 9, 9, 9, 11, 11 என்று வரும். கூட்டினால் 66, அதாவது பதினொரு பேருக்கு ஆறு நாள். இந்தக் கணக்கெல்லாம் K-க்கு அப்பால், அச்சுப் பரப்புக்கு வெளியே இருக்க வேண்டும். அச்சாகும் பரப்பு A1:I14 மட்டும். எட்டரைக்குத் திறக்கும் கடைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 8.30 என்று அடித்தால் 8.3 என்றுதான் நிற்கும். எண் வடிவத்தை 0.00 என்று மாற்றினால் சரியாகிவிடும்.

இனி தாள். ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து நாலு பக்கமும் ஒரு செ.மீ. விட்டால், அகலத்தில் 27.7 செ.மீ. கிடைக்கும். பெயருக்கு 7, ஒல்லிக் கட்டத்துக்கு 1.2 போக, நாளொன்றுக்கு 2.8 செ.மீ. சுமாராக வரும். உயரத்தில் தலைப்பும் கிழமைகளும் போக ஒரு வரிக்கு 1.2 செ.மீ. தாராளம். இதில் 18 பாயிண்ட் எழுத்து சுகமாக உட்காரும், நாலைந்து அடி தள்ளி நின்று படிக்கலாம். வரியின் உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. தமிழில் 'கி'யின் கொக்கி மேலே ஏறும், 'கு'வின் வளைவு கீழே இறங்கும். நெருக்கினால் 'குமார்' அடி வெட்டுப்பட்டு அச்சாகும். குறுக்குக் கோடுகள் போதும். நெடுக்குக் கோடு ஒல்லிக் கட்டத்துக்குப் பின்னால் ஒன்று மட்டும்.

இப்போது போர்டுகளில் தொங்குவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. மாதம் முழுவதையும் முப்பத்தொரு பத்தியில் அடைத்து Fit Sheet on One Page-ஐ அழுத்திவிடுகிறார்கள். அது தாளுக்குள் அடக்கத்தான் செய்யும், ஆனால் எழுத்தைச் சுருக்கித்தான் அடக்கும். 11 பாயிண்ட் எழுத்து பாதியாகி, மூக்கு தாளைத் தொடும்போதுதான் தெரிகிறது. கூடவே காலைக்குப் பச்சை, மாலைக்குச் சிவப்பு என்று வண்ணம். கடையில் இருப்பதோ கறுப்பு லேசர் பிரிண்டர். பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பலாக விழுகின்றன, மஞ்சள் காணாமலே போகிறது. விடுமுறைக் கட்டத்துக்கு மட்டும் லேசான சாம்பல் பூசினால் போதும். அதிலும் 'வி' என்ற எழுத்து இருந்தே ஆக வேண்டும், ஜெராக்ஸ் எடுத்தால் பூச்சு போய்விடும்.

அந்த விடுமுறைக் கட்டத்துக்குச் சட்டத் தொடர்பும் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் தமிழக அரசு ஆணையிட்டபோது, அன்றன்று விடுமுறையில் இருப்பவர்களின் விவரத்தைக் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும் என்றும் நிபந்தனை போட்டது. கிழமைப் பத்தியில் கண்ணை மேலிருந்து கீழே ஓடவிட்டால் சாம்பல் கட்டங்களில் அந்த விவரம் கிடைத்துவிடும்.

கட்டத்தை அகலமாக விடுவதற்குப் படிப்பதைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. இருவர் நாளை மாற்றிக்கொண்டால் அச்சிட்ட 1-ஐ ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் பேனாவால் 8 எழுத இடம் வேண்டும். அக்கா அடுத்த வாரத் தாளை வெள்ளிக்கிழமையே ஒட்டிவிடுவார், தேதியைத் தலைப்பில் பெரிதாகப் போட்டு, நடப்பு வாரத் தாளுக்கு வலப்பக்கத்தில். அப்போது அந்த வார ஞாயிறு இன்னும் வந்திருக்காது. ஆகவே ஒல்லிக் கட்டத்தில் இருப்பது திட்டம்தான், நடந்தது அல்ல. ஞாயிறு இரவு கடை அடைக்கும்போது, அன்றைக்குப் பேனாவால் திருத்திய எண்களை எல்லாம் பக்கத்துத் தாளின் ஒல்லிக் கட்டத்திலும் திருத்துவார். எங்காவது 1-க்குப் பக்கத்தில் 8 வந்து நின்றால், அந்த ஆளின் திங்களை அங்கேயே மாற்றி எழுதிவிட்டு, அவரைக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவார்.