படம் எடுப்பவர் யார், தேர்ந்தெடுப்பவர் யார்?

மைசூர் சமஸ்தானத்தின் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எச்.வி. நஞ்சுண்டய்யாவும் எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயரும் எழுதிய நான்கு தொகுதிகளை மைசூர்ப் பல்கலைக்கழகம் 1920களின் இறுதியிலும் 1930களிலும் வெளியிட்டது. அந்தக் காலத்து இனவரைவியல் படங்களில் நிற்பவருக்குப் பெரும்பாலும் பெயர் இருக்காது, சாதிப் பெயர் மட்டும் இருக்கும். எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைப் படம்பிடித்தவர் சொன்னார். அந்த அதிகாரத்தைக் கை மாற்ற முயலும் ஆய்வுமுறைதான் 'போட்டோவாய்ஸ்'.

1992இல் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கிராமத்துப் பெண்கள் 62 பேரிடம் கேமராக்களைக் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். அன்றாட வாழ்வைப் படமெடுத்த பிறகு, எந்தப் படத்தைப் பற்றிப் பேசுவது என்பதை எடுத்தவரே தீர்மானித்தார். கூட்டாக உட்கார்ந்து பேசுவதற்கு இந்த முறையில் ஐந்து கேள்விகள் உண்டு: இங்கே என்ன தெரிகிறது, உண்மையில் என்ன நடக்கிறது, நம் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு, இது ஏன் இப்படி இருக்கிறது, நாம் என்ன செய்யலாம். நான்காவது கேள்வியை அவசரமாகத் தாண்டிவிடும் ஆய்வில் படங்கள் அழகாகவே இருக்கும், ஆனால் காரணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது.

யுன்னான் படங்களில் ஒன்று பிறகு பலமுறை பேசப்பட்டது. தாய் களை எடுக்க, குழந்தை வயலில் தனியே கிடக்கிறது. பெண்களின் உடல்நலத்தைப் பற்றி அறியப் போன ஆய்வில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை இப்படிப் பெண்களே கொண்டுவந்து வைத்தார்கள். அதிகாரிகளும் தொடக்கத்திலிருந்தே பேச்சில் சேர்க்கப்பட்டிருந்ததால், குழந்தைக் காப்பகம், மருத்துவச்சிப் பயிற்சி, பெண்பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை என்று சில ஏற்பாடுகளும் நடந்தன. கேட்க வேண்டியவரைக் கண்காட்சித் திறப்புவிழாவுக்கு மட்டும் அழைத்தால் இது நடப்பது அரிது.

இந்தியாவில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது தெலங்கானாவின் ஜஹீராபாத்தை ஒட்டிய பஸ்தாபூர். தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் பெண்கள், பலர் பள்ளிக்கூடமே போகாதவர்கள், 1990களின் இறுதியில் வீடியோ கற்றார்கள். கோணங்களுக்கு அவர்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்தே பெயர் வைத்தார்கள். மேலிருந்து கீழே பார்ப்பது 'பட்டேல் ஷாட்', ஏனென்றால் நிலக்காரர் கூலியாளை அப்படித்தான் பார்ப்பார். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது 'அடிமை ஷாட்'. எல்லோரும் தரையில் உட்கார்ந்து கண்ணுக்கு நேராகப் பார்ப்பது 'சங்கம் ஷாட்'. தங்கள் படங்களுக்கு இந்தக் கடைசிக் கோணத்தையே அவர்கள் பெரிதும் விரும்பினார்கள். கேமராவைக் கொடுத்து இரண்டு நாள் பயிற்சியோடு அனுப்பிவிடும் திட்டங்களில் இப்படி ஒரு பார்வை உருவாக நேரமே இருக்காது.

மீண்டும் மைசூருவுக்கு வருகிறேன். பாலியல் தொழிலாளர்களின் கூட்டமைப்பான அஷோதயா சமிதி 2005 முதல் இங்கே இயங்குகிறது. பெண்கள், ஆண்கள், திருநங்கையர் எல்லோரும் அதில் உண்டு. இவர்களைப் போன்றவர்களிடம் கேமரா போனால் என்ன ஆகும் என்று யோசித்தால் இந்த முறையின் எல்லை தெரிந்துவிடும். தெருவில் தொழில் செய்பவரின் அன்றாடத்தில் வாடிக்கையாளர், லாட்ஜ் வாசல், போலீஸ்காரர், வீட்டில் எதுவும் தெரியாத பிள்ளை எல்லோரும் இருக்கிறார்கள். எவருடைய முகம் விழுந்தாலும் ஆபத்து எடுத்தவருக்கே.

அதனால்தான் வாங் 2001இல் நெறிமுறை பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின் சம்மதத்தை மூன்றாகப் பிரித்துக் கேட்பது வழக்கமானது. பங்கேற்கச் சம்மதம் ஒன்று, படத்தில் விழுபவரின் சம்மதம் ஒன்று, எடுத்த படத்தை வெளியிடச் சம்மதம் ஒன்று. மூன்றாவதைப் படங்கள் கையில் வந்த பிறகே கேட்க வேண்டும். எதை எடுக்கப் போகிறோம் என்று தெரியாத முதல் நாளிலேயே மொத்தமாகக் கையெழுத்து வாங்கிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கொல்கத்தா சோனாகாச்சியின் பிள்ளைகள் எடுத்த படங்களை வைத்து உருவாகி 2005இல் ஆஸ்கர் பெற்ற 'பார்ன் இன்டு ப்ராதல்ஸ்' ஆவணப்படத்தின் மீதான கண்டனங்களில் முக்கியமானதும் அங்குள்ள தாய்மார்களின் சம்மதம் பற்றியதுதான்.

முகம் வேண்டாம் என்றால் செருப்பு, கைப்பை, பஸ் ஸ்டாண்ட் பெஞ்சு, மருந்துச் சீட்டு என்று பொருள்களை எடுக்கலாம். கேமராவே வேண்டாம் என்பவர்கள், எந்த நேரத்தில் எந்தத் தெரு பயம் என்று கையால் வரைபடம் போடலாம். பொருளின் படத்துக்கு எடுத்தவரின் பேச்சு கூடவே வர வேண்டும், இல்லையென்றால் பார்ப்பவர் தன் கற்பனையை அதில் ஏற்றிவிடுவார். அந்தப் பேச்சைத் திருத்தி ஒழுங்குபடுத்தாமல் அவர் சொன்ன கன்னடத்திலோ தமிழிலோ உருதுவிலோ அப்படியே வைக்க வேண்டும்.

ஹாட்ஜெட்ஸ், ராட்லி, சேம்பர்லைன் ஆகிய ஆய்வாளர்கள் லண்டனில் வீடற்றவர்களோடு வேலை செய்தபோது, எடுக்கப்படாத படங்களையும் கணக்கில் சேர்த்தார்கள். இதை 2007இல் எழுதினார்கள். எந்தப் படத்தை எடுக்க நினைத்தீர்கள், ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் வெட்கம், பயம், மரியாதை எல்லாம் பதிலில் வரும். கேமரா பாதுகாப்பாக நுழைய முடியாத இடங்களில் இந்தக் கேள்விக்கு வரும் பதில்களையும் படங்களுக்குச் சமமான ஆதாரமாக, அதே அறிக்கையில், எண்ணிட்டுச் சேர்க்க வேண்டும்.