காலைக் கூட்டத்தில் பாடும் வாய்மைப் பாட்டு: ஓர் ஆராய்ச்சி

சிவகாசியை அடுத்த நாரணாபுரம் போன்ற ஊர்களில், பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் நடக்கும் வீடுகளிலிருந்து புறப்பட்டு வரும் பிள்ளைகள், காலையில் பள்ளி முற்றத்தில் வரிசையாக நின்று தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடி, உறுதிமொழி கூறி, ஒரு குறளையும் அதன் பொருளையும் ஒப்பித்து, பிறகே வகுப்புக்குள் நுழைகிறார்கள். இந்தச் சில நிமிஷங்களில் உண்மையைப் பற்றி ஒரு சிறு பாட்டு வேண்டுமென்று ஆசிரியர் ஒருவர் விரும்பினால், நம்முடைய இலக்கியச் செல்வத்திலிருந்து எதனை எடுத்துக் கொடுப்பது என்னும் கேள்வி எழுகிறது. நீதியைப் போதிக்கும் செய்யுளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. ஆயினும் முந்நூறு குழந்தைகள் ஒரே குரலாய் நின்று, பொருளுணர்ந்து, மூச்சுத் திணறாமல் பாடக்கூடிய வாய்மைப் பாட்டு ஒன்றைத் தேடினால், கைக்கு எளிதில் அகப்படுவதில்லை. அதற்குரிய காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது நீதி நூல்களில் யார் யாரிடம் பேசுகிறார் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் வாய்மை இன்னதென்று வரையறுக்கிறார். பிறருக்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மையென்றும், குற்றமற்ற நன்மையை விளைவிக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறுமென்றும் அவர் கூறுவது முதிர்ந்த அறிவுக்கு உரிய விசாரணை. அங்கே பேச்சு படர்க்கையில் நடக்கிறது. ஔவையாரோ ஆத்திசூடியில், கண்டதற்கு மாறாகப் பேசாதே என்னும் கருத்தை ஒரு சிறு வரியில் அடக்கி, பிள்ளையை முன்னால் நிறுத்தி ஆணையிடுகிறார். உலகநாதரின் உலகநீதியும் மனமறிந்து பொய் சொல்லலாகாது என்று விலக்குகிறது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1859-இல் வெளியிட்ட நீதிநூலும் இந்த மரபின் தொடர்ச்சியே. பாரதியார் 1915-இல் எழுதிய பாப்பா பாட்டு, குழந்தையிடம் கொஞ்சிப் பேசும் குரலைத் தமிழ்க் கவிதைக்குக் கொண்டுவந்தது. பொய்யையும் புறங்கூறலையும் அதில் அவர் கண்டிக்கிறார். ஆனால் அங்கும் பேசுகிறவர் பெரியவர், கேட்கிறவள் பாப்பா. 1961-இல் வெளிவந்த 'திருடாதே' திரைப்படத்துக்குப் பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் எழுதிய புகழ்பெற்ற பாட்டும் அவ்வாறே, அன்புள்ள ஒரு பெரியவர் குழந்தைக்குக் கூறும் புத்திமதியாகவே அமைந்தது.

இவையெல்லாம் வீட்டுத் திண்ணையிலும் வகுப்பிலும் மிகப் பொருத்தமானவை. தாய் பாடக் குழந்தை கேட்கலாம். ஆசிரியர் சொல்ல மாணவர் திருப்பிச் சொல்லலாம். காலைக் கூட்டத்தின் இயல்பு வேறு. அங்கே பாடுகிறவர்கள் குழந்தைகளே. 'பொய் பேசாதே' என்று ஒரு சிறுவன் உரக்கப் பாடும்போது, அவன் யாரைப் பார்த்து அதைச் சொல்கிறான்? பக்கத்தில் நிற்கும் தோழனையா, எதிரே நிற்கும் தலைமையாசிரியரையா? ஏவலைப் பாடுகிறவனுக்கு அந்த ஏவல் தன்னைச் சேர்ந்ததாகத் தோன்றுவதில்லை. காலைக் கூட்டத்திலேயே இதற்கு மாறான ஒரு முன்மாதிரி இருக்கிறது. பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் 1962-இல் தெலுங்கில் எழுதி, பிறகு தேசமெங்கும் பரவிய உறுதிமொழி, முழுவதும் தன்மை ஒருமையில் அமைந்த வசனம். ஒவ்வொரு பிள்ளையும் அதைத் தன் பெயரால் சொல்கிறது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் அழ. வள்ளியப்பாவும், குழந்தை தன் கண்ணால் கண்டு வியக்கும் பசுவையும் கிளியையும் கடிகாரத்தையும் பாட்டுக்குள் கொண்டுவந்து, குழந்தையின் பார்வையைத் தமிழில் நிலைநாட்டினார்கள். அந்தப் பார்வையை நீதிப் பொருளுக்கும் கொண்டுவருவதே செய்ய வேண்டிய காரியம்: முன்னிலை ஏவலாக இருந்த உபதேசம், தன்மை வினையாக மாற வேண்டும்.

அடுத்தது யாப்பு. வெண்பாவும் விருத்தமும் தனிக்குரலுக்கு உரியவை. விருத்தத்தைத் தாளமில்லாமல் ராகத்தில் இழுத்துப் பாடுவதே வழக்கமாதலால், கூட்டம் சேர்ந்து பாடினால் ஒருவர் இழுப்பும் மற்றவர் இழுப்பும் ஒத்துப்போவதில்லை. கூட்டத்துக்கு ஏற்றது தாளத்தில் பிறந்த சிந்து. இந்தக் கரிசல் பிரதேசம் அந்த யாப்புக்குத் தாய்நிலம் என்று சொன்னால் மிகையாகாது. காவடிச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) பாடிப் பரவிய கழுகுமலையும், சிந்துக்குப் புத்துயிர் தந்த பாரதியார் பிறந்த எட்டயபுரமும் சிவகாசிக்குத் தொலைவில் இல்லை. அம்மன் கோயில் பொங்கலில் முளைப்பாரியை நடுவே வைத்துப் பெண்கள் கொட்டும் கும்மியைப் பார்த்து வளர்ந்த இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு அதன் நடை சொல்லிக் கொடுக்காமலே வரும்.

அந்தக் கும்மியின் கணக்கு மிகவும் எளியது. முனைவர் இரா. திருமுருகன் தமது சிந்துப் பாவியலில் விளக்கியபடி, சிந்துப் பாக்களில் ஒற்றெழுத்து எண்ணப்படுவதில்லை. உயிரோ உயிர்மெய்யோ, குறிலோ நெடிலோ, ஒவ்வொன்றும் ஓரசையாகும். கும்மி மும்மை நடையில் செல்வது. அதாவது சீருக்கு மூன்றெழுத்து. ஓரடியில் எட்டுச் சீர். ஏழு சீர்களில் மும்மூன்று எழுத்துகள் நிற்க, எட்டாம் சீரில் ஒரே எழுத்து நின்று மூன்றெழுத்தின் காலத்துக்கு நீள்கிறது. ஆகவே அடிக்கு இருபத்திரண்டு எழுத்து, எட்டுக் கைத்தட்டு. அந்தக் கடைசி நீட்டத்தில்தான் குழந்தை அடுத்த அடிக்கு மூச்சு வாங்கிக்கொள்கிறது.

இந்தச் சட்டத்துக்குள் ஒரு பாட்டை அமைத்துப் பார்க்கலாம். எந்தச் சந்தர்ப்பங்களைப் பாடுவது? 'வாய்மை', 'நேர்மை', 'சத்தியம்' என்னும் பண்புப் பெயர்கள் முதல் வகுப்புப் பிள்ளையின் மனத்தில் எந்த உருவத்தையும் எழுப்புவதில்லை. கீழே கிடந்த பென்சிலும் உடைந்த கண்ணாடியும் எழுப்புகின்றன. இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு மேலும் ஒரு விஷயம் தெரியும். தீப்பெட்டியிலும் பட்டாசிலும் கூலி பெரும்பாலும் எண்ணிக்கையைப் பொறுத்தது. எண்ணிக்கை பிசகினால் ஒரு குடும்பத்தின் வரும்படி பிசகும். அன்றியும், ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதற்கு வரம்பு வைத்திருக்கும் தொழிலில், எண்ணைக் குறைத்தோ கூட்டியோ சொல்வது உயிருக்கே ஆபத்தாகும். ஆதலால் எண்ணிக்கையில் உண்மை என்பது இங்கே நீதிநூலில் படித்து அறிய வேண்டிய விஷயமன்று. இவற்றைக் கொண்டு அமைத்த இரு பகுதிகள் வருமாறு:

உள்ளதை உள்ளதாய்ச் சொல்லிடுவோம் – நாங்கள்
ஒன்றையும் கூட்டியே சொல்ல மாட்டோம்
பள்ளியில் பென்சிலைக் கண்டெடுத்தால் – அதை
விட்டவர் கையிலே சேர்த்திடுவோம்

எண்ணியே பார்த்ததில் ஒன்பதென்றால் – அதைப்
பத்தென்று யாருக்கும் சொல்ல மாட்டேன்
கண்ணாடி என்கையால் போனதென்றால் – அதைக்
காற்றின்மேல் போட்டுநான் தப்பமாட்டேன்

அச்சில் இரண்டு வரியாக நிற்பது தாளத்தில் ஓரடி. முதலடியைச் சீராகப் பிரித்தால், உள்ளதை, உள்ளதாய்ச், சொல்லிடு, வோம்நாங்கள், ஒன்றையும், கூட்டியே, சொல்லமாட், டோம் என்று எட்டாகும். தட்டு விழும் இடங்களில் பெரும்பாலும் ஒரு சொல்லின் தலையெழுத்தே நிற்பதைக் காணலாம். கணக்கு மட்டும் சரியாயிருந்தால் போதாது என்பதற்கு இதுவே காரணம். இரண்டாம் பகுதியின் தொடக்கத்தை 'எண்ணி வந்தது ஒன்பது என்றால் அதை' என்று எழுதினாலும் பன்னிரண்டு எழுத்துகள் கிடைத்துவிடும். ஆயினும் எண்ணிவந், ததுஒன், பதுஎன், றால்அதை என்று பிரிந்து, தட்டுகள் சொற்களின் நடுவில் விழும். தேர்ந்த பாடகர் அதைச் சமாளித்துக்கொள்வார். ஆறு வயதுக் குழந்தையோ தட்டையும் சொல்லையும் ஒன்றாகவே கற்பதால், இடறிவிழுந்து வாயை மூடிக்கொள்ளும். பாட்டு பழுதாயிருக்கிறதா என்று அறிய, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கைதட்டிக்கொண்டு பாடச் சொல்வதே போதும். எந்த இடத்தில் குரல்கள் மெலிகின்றனவோ அந்த இடத்தில் சீர் உடைந்திருக்கிறது.

அடியின் இறுதியெழுத்து நெடிலாக இருப்பதும் அவசியம். சேர்த்திடுவோம், மாட்டேன் என்பவற்றின் ஓகாரமும் ஏகாரமும் நீண்டு நிற்கும் இயல்புடையன. அந்த இடத்தில் குறிலை வைத்து நீட்டினால் சொல் உருமாறிப்போகும். மெட்டைப் பொறுத்தவரை, தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எம்.எஸ். விஸ்வநாதன் கையாண்ட மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்கள் இங்கும் உதவும். பிள்ளைகளின் காது தினந்தோறும் அவற்றில் பழகியிருக்கிறது. ஆண் ஆசிரியர் தமக்கு வசதியான ஒரு கட்டைச் சுருதியில் தொடங்கினால் குழந்தைகள் கீழே முணுமுணுக்கவோ மேலே கத்தவோ நேரும். ஐந்து கட்டையை ஒட்டித் தொடங்கி, கீழ் ஸ்தாயிக்கு இறங்காமல் நடத்துவது நன்று. தட்டுக்கு ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவாகக் கொண்டால் நான்கு அடிகளும் அரை நிமிஷத்தில் முடியும். இருமுறை பாடினாலும் ஐம்பத்தைந்து விநாடி நிகழும் தமிழ்த்தாய் வாழ்த்தின் அளவே ஆகும்.

முதற்பகுதி 'நாங்கள்' என்றும் இரண்டாம் பகுதி 'நான்' என்றும் பேசுவது காரணத்தோடு செய்ததாகும். கண்டெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது வகுப்பு முழுவதும் சேர்ந்து காக்கக்கூடிய வழக்கம். கண்ணாடியை உடைத்தவன் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள முடியுமானால் ஒப்புக்கொள்ளமாட்டான். 'உடைத்தோம்' என்னும் பன்மையில் உடைத்த கை மறைந்துபோகிறது. ஆகையால் அந்த வாக்கியம் முந்நூறு வாயிலிருந்து வந்தாலும் ஒருமையிலேயே வர வேண்டும்.

கடைசியாக, இவ்வகைப் பாட்டுகளை இயற்றுவோர் எளிதில் அகப்பட்டுக்கொள்ளும் ஓர் அபாயத்தைச் சொல்லியாக வேண்டும். தன்மையில் எழுதத் தொடங்கியவுடன், 'பொய்யே பேசாத பிள்ளை நான்' என்பது போன்ற தற்பெருமை வரிகள் தாமாக வந்து விழும்; அவை தாளத்துக்கும் இசைவாகவே இருக்கும். ஆனால் நேற்று மாலை அம்மாவிடம் ஒரு சிறு பொய் சொல்லிவிட்டு இன்று காலை அதைப் பாடும் குழந்தை, உண்மையைப் பற்றிய பாட்டின் மூலமாகவே இரண்டாவது பொய்யைச் சொல்ல நேர்கிறது. அதையும் ஆசிரியர்களின் முன்னிலையில், அவர்களுடைய ஏற்பாட்டின்படி சொல்ல நேர்கிறது. ஆகவே வாய்மைப் பாட்டின் வினை, 'இப்படி இருக்கிறேன்' என்னும் நிகழ்காலச் சான்றிதழாக அமையலாகாது. 'இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன்' என்னும் எதிர்கால உறுதியாகவே அமைய வேண்டும். அப்படி அமைந்த பாட்டை, நேற்றுத் தவறிய பிள்ளையும் இன்று காலை கூசாமல் பாடலாம். பாடுகின்ற ஒவ்வொரு சொல்லும் அதன் வாயில் உண்மையாகவே இருக்கும்.